பெரிய பாக்கெட் எப்போது லாபம்?

விலையை நிகர எடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 100 கிராமின் விலை வந்துவிடும். ஓட்ஸ் 400 கிராம் 80 ரூபாய் என்றால், 100 கிராம் 20 ரூபாய். ஒரு கிலோ 180 என்றால் 18. பெரியதுதான் மலிவு. ஆனால் வாங்கும் முன் மாதத் தேவையைக் கணக்கிடுங்கள். இருவர், ஆளுக்கு 40 கிராம், மாதத்தில் 15 நாள்: 1200 கிராம். சிறிய பாக்கெட் மூன்று வாங்கினால் 240-இல் சரியாக முடியும். பெரியது இரண்டு 360. 800 கிராம் மிஞ்சும். அடுத்த மாதமும் சாப்பிடுவீர்கள் என்றால் பெரியதே நல்லது. திறந்துவைத்தது சிக்கு வாடை அடித்துத் தூக்கிப் போட்டால், சாப்பிட்ட ஒவ்வொரு 100 கிராமுக்கும் 30 கொடுத்ததாக ஆகும்! உறை அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். உறை அப்படியே இருக்க, உள்ளே எடை மட்டும் குறைந்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு முறையும் நிகர எடையைப் படித்துவிட்டே வகுங்கள்.