பாரிசவாதத்துக்குப் பிறகு பேச்சு: வீட்டில் நடக்கும் தவறுகள்

பாரிசவாதம் என்றதும் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் தேடுவது கோணிய வாயையும் தூக்க முடியாத கையையும்தான். இரண்டும் இல்லாவிட்டால் பாரிசவாதம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பேச்சுப் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்கிற எனக்கு, வேறு எந்தத் தவறையும்விட இது அதிகம் கவலை தருகிறது. ஏனென்றால், கை கால் எல்லாம் நன்றாக இருக்க, மொழி மட்டும் உடைகிற ஒரு வகை உண்டு.

கோண்டாவில் பக்கத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 66 வயது அம்மா, வலக்கைப் பழக்கம், பிரஷர் இருக்கிறது, குளிசை ஒழுங்காகப் போடுவதில்லை. காலை 5.30க்கு மகளிடம் பூப்பறிக்கச் சொல்லிவிட்டு முற்றம் கூட்டினார். 7 மணிக்கு மகள், “அம்மா, தேத்தண்ணி தரட்டோ?” என்று கேட்டாள். “ஓம் பிள்ளை, அந்தச் சில்லை வைச்சபடியாத்தானே பலுசை போனது, அவங்கள் வந்தால் முடிச்சுக் குடுக்கலாம்” என்றார் அம்மா. குரலில் தளர்வு இல்லை, நாக்குக் குழறவில்லை. இழுத்துப் பேசும் இடமும் நிறுத்தும் இடமும் எப்போதும்போலத்தான். ஆனால் ‘பலுசை’ என்று ஒரு சொல் தமிழில் கிடையாது, மிச்சச் சொற்கள் சேர்ந்தும் ஒரு பொருள் தரவில்லை. மகள் திருப்பித் திருப்பிக் கேட்க, அம்மாவுக்குக் கோபம் வந்தது.

‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்றார் ஒருவர். பார்வை பார்ப்பித்து நூல் கட்டலாம் என்றார் இன்னொருவர். நித்திரை கொண்டு எழும்பினால் சரியாகிவிடும் என்று படுக்க வைத்தார்கள். இரவுதான் வைத்தியசாலைக்குப் போனார்கள். சீ.டி. ஸ்கேனில் இடப்பக்கப் பொட்டு மடலின் பின்மேற்பகுதியில் இரத்தோட்டம் நின்றுபோயிருந்தது தெரிந்தது.

கை கால் ஏன் தப்பியது என்பதை இரத்தக் குழாய்கள் சொல்லும். இடது மூளையின் மொழிப் பகுதிகளுக்கு இரத்தம் கொடுப்பது நடு மூளைத் தமனி. அது இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிகிறது. மேற்கிளை நெற்றி மடலுக்குப் போகிறது. அங்கேதான் பேச்சைத் திட்டமிடும் புரோக்கா பகுதி இருக்கிறது, அதை ஒட்டியே முகத்தையும் கையையும் அசைக்கிற பட்டியும் இருக்கிறது. அதனால் மேற்கிளை அடைத்தால் பேச்சு நிற்பதோடு வலது முகமும் கையும் சேர்ந்தே விழும். கீழ்க்கிளை பொட்டு மடலுக்குப் போகிறது. காதுக்கு வந்த ஒலியைச் சொல்லாகப் பிரித்தெடுத்து, பொருளோடு இணைக்கிற வேர்னிக்கே பகுதி அங்கே இருக்கிறது. கீழ்க்கிளை மட்டும் அடைத்தால் ஆள் எழும்பி நடப்பார், கிணற்றடிக்குப் போவார், சேலை உடுப்பார். மற்றவர் சொல்வதுதான் விளங்காது. தான் பேசுவதைத் தன் காதாலேயே சரிபார்க்கவும் முடியாது. அதனால்தான் தப்பான சொல் வருவது அவருக்குத் தெரிவதில்லை. நாங்கள் விளங்காத மாதிரி நடிக்கிறோம் என்றுகூட அவர் நினைக்கக்கூடும். அந்தக் கோபத்துக்குக் காரணம் இதுதான்.

இந்த இரண்டு பகுதிகளின் பெயர்களும் 19ஆம் நூற்றாண்டில் வந்தவை. 1861இல் பாரிஸில் போல் புரோக்கா, ‘டான்’ என்ற ஒலியை மட்டுமே சொல்லக்கூடிய ஒருவரின் மூளையை அவர் இறந்த பிறகு பரிசோதித்தார். 1874இல் கார்ல் வேர்னிக்கே, பேச்சு ஓடினாலும் விளக்கம் போய்விட்ட நோயாளிகளை விவரித்தார். இன்றைக்கு இந்தப் படம் விரிந்திருக்கிறது. புரோக்கா பாதுகாத்து வைத்த அந்த மூளையைப் பிற்காலத்தில் ஸ்கேன் செய்தபோது, சேதம் அவர் கண்ட இடத்தைத் தாண்டி உள்ளே ஆழமாகப் போயிருந்தது தெரிந்தது. மொழி இரண்டு புள்ளிகளில் குடியிருக்கவில்லை. பல பகுதிகளும் அவற்றை இணைக்கும் நரம்புக் கற்றைகளும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஆகவே ஸ்கேனைப் பார்த்து, “இந்த இடம்தானே பழுது, இன்னதுதான் வரும்” என்று வீட்டில் கணிப்பதும் தவறுதான்.

சரி, காலை 7 மணிக்கு அந்த மகள் என்ன பார்த்திருக்கலாம்? ஒரு கரண்டியைக் காட்டிப் பெயர் கேட்கலாம். “மாமரத்தில் காகம் இருக்குது” என்று சொல்லி, அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்லலாம். வேர்னிக்கே வகைப் பாதிப்பில் இரண்டுமே தவறும், ஆனால் ஆள் விழிப்பாக இருப்பார், மகளை அடையாளம் காண்பார், தேத்தண்ணிக் கோப்பையைச் சரியாகப் பிடித்துக் குடிப்பார். காய்ச்சலாலோ உப்புக் குறைவாலோ வரும் குழப்பத்தில் நிலைமை வேறு. கவனம் நிற்காது, தூங்கி விழுவார், இடம் நேரம் தெரியாது, ஆனால் வாயில் வரும் சொற்கள் பெரும்பாலும் உண்மையான சொற்களாக இருக்கும். அறளை பெயர்வது மாதக் கணக்கில், வருடக் கணக்கில் வருவது. 5.30க்கு ஒழுங்காகப் பேசியவருக்கு 7 மணிக்கு அது வராது.

ஆனாலும் இந்தச் சோதனைகளை வைத்து வீட்டில் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர் என்றால் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் இரத்தத்தில் சீனி அதிகம் இறங்கினாலும் பேச்சு இப்படிக் குழம்பலாம். கடைசியாக நன்றாகப் பேசிய நேரம் எது என்று வைத்தியர் கேட்பார். அடைப்பைக் கரைக்கும் ஊசி வழமையாக அந்த நேரத்திலிருந்து 4½ மணித்தியாலத்துக்குள் கொடுக்கப்படுவது. இந்த அம்மாவுக்கு அது 5.30. மகள் கண்டுபிடித்த 7 மணியைச் சொன்னால் கணக்கே பிழைத்துவிடும். இரவில் வந்தது தெரியாமல் காலையில் எழும்பியவர் என்றால், படுக்கப் போகும்போது நன்றாக இருந்த நேரத்தைச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது அடுத்த தவறு, நாட்கணக்கில் யாரும் கவனிக்காமல் தொடர்வது. “அம்மாவுக்கு எல்லாம் விளங்குது, கதைக்கத்தான் ஏலாது” என்று குடும்பம் நம்பிவிடுகிறது. மகள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து, “சாப்பிடுவமோ அம்மா?” என்று கேட்டால் அம்மா கதிரையில் வந்து இருக்கிறார். அவர் தட்டைக் கண்டார், மணத்தை உணர்ந்தார், மதியம் என்பது தெரியும். சொல் விளங்கியதா என்பது இதில் தெரியவே இல்லை. நான் செய்வது இதுதான்: கையைக் கட்டிக்கொண்டு, எதையும் பார்க்காமல், முகத்தில் ஒரு குறிப்பும் காட்டாமல், “யன்னலைக் காட்டுங்கோ அம்மா” என்பேன். பலர் புன்னகைப்பார்கள், அல்லது ‘ஓம்’ என்பார்கள், யன்னலைக் காட்ட மாட்டார்கள்.

இதில் இன்னொரு பொறி உண்டு. “கண்ணை மூடுங்கோ”, “எழும்புங்கோ” போன்ற முழு உடம்போடு சேர்ந்த கட்டளைகள், விளக்கம் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பெரும்பாலும் விளங்கிவிடுகின்றன. “இடக்கையால் வலது காதைத் தொடுங்கோ” என்றால் அங்கே நின்றுவிடும். அதனால் முதலாவதை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதி அடையக்கூடாது.

‘ஓம்’, ‘இல்லை’ இரண்டையும் அப்படியே நம்புவதும் ஆபத்துத்தான். மொழி பாதிக்கப்பட்ட சிலருக்கு, மனதில் ‘இல்லை’ என்றிருக்க வாயில் ‘ஓம்’ வரும். வேறு சிலர் எந்தக் கேள்விக்கும் ஓம்தான். “நெஞ்சு நோகுதோ?” என்று கேட்டு ‘ஓம்’ என்ற பதிலில் வீடே பதறும் முன், விடை நமக்கே தெரிந்த கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்க வேண்டும். “இது உங்கட வீடோ?”, “நான் உங்கட மருமகளோ?”, “இப்ப ராத்திரியோ?” ஓம் வர வேண்டியதற்கு ஓமும், இல்லை வர வேண்டியதற்கு இல்லையும் வந்தால்தான் அவர் பதிலில் சாய்ந்து முடிவெடுக்கலாம். வராவிட்டால் நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கேளுங்கள், முகத்தைப் பாருங்கள்.

மேற்கிளை அடைத்தவர் பக்கம் இதற்கு நேர் எதிரான அநியாயம் நடக்கிறது. “கடை... மகன்... மருந்து... இல்லை” என்று ஒவ்வொரு சொல்லாக வியர்த்து விறுவிறுத்துப் பேசுகிற அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றே, அவர் இல்லாதமாதிரிக் காணி உறுதியைப் பற்றிக் கதைக்கிறார்கள். அவருக்கு அன்றாடப் பேச்சு பெருமளவு விளங்குகிறது. சிக்கலான வாக்கியத்தில்தான் தடக்கும். “பொடியன் மாம்பழம் சாப்பிட்டான்” என்றால் குழப்பமில்லை, மாம்பழம் பொடியனைச் சாப்பிடாது. “ராசனைக் கண்ணன் அடிச்சான்” என்றால் யாருக்கு அடி விழுந்தது என்பது அந்த ஒரு ‘ஐ’ உருபில் தொங்குகிறது, பலர் அங்கே தவறவிடுவார்கள். ஆகவே அவரோடு பேசும்போது செய்தவரை முதலில் சொல்லுங்கள், வாக்கியத்தைச் சின்னதாக வையுங்கள். குரலைக் கூட்டத் தேவையில்லை, அவருக்குக் காது கேட்கிறது.

வாய் வராவிட்டால் எழுதட்டும் என்று கொப்பியும் பேனையும் கொடுப்பதைப் பல வீடுகளில் காண்கிறேன். தொண்டையிலோ நாக்கிலோ பழுது என்றால் அது உதவும். மூளைப் பாதிப்பால் மொழி உடைகிற இந்த நிலையில், அதாவது அஃபேசியாவில், பழுதானது மொழியே என்பதால் எழுத்தும் பெரும்பாலும் சேர்ந்தே போயிருக்கும். முப்பது வருடம் படிப்பித்த ஒரு ஆசிரியர் தன் பெயரின் முதல் எழுத்தோடு நின்றுவிடும்போது அவருக்கு வரும் வலியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் மறுபடி பேனையை நீட்ட மாட்டார்கள். கோப்பை, கட்டில், மலசலகூடம், மருந்து என்று படங்களை ஒட்டிய ஒரு மட்டை அதைவிட வேலை செய்யும். வேர்னிக்கே வகையில் படமும் சிலருக்கு உடனே பிடிபடாது, அங்கே உண்மையான பொருளையே கையில் எடுத்துக் காட்டுங்கள்.

நல்லூர்த் திருவிழா நேரம் ஒரு வீட்டில் கேட்டது: “ஒரு சொல்லும் வராது என்கிறீர்கள், தேவாரம் முழுக்கப் பாடுகிறாரே, மனம் வைத்தால் கதைப்பார்தானே?” மனம் வைக்காததல்ல காரணம். சிறுவயதில் மனனமான பாட்டு, ஒன்று இரண்டு மூன்று என்ற எண்ணிக்கை, கோபத்தில் வரும் வசவு ஆகியவை புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டுகிற அதே வழியில் வருவதில்லை. வலது மூளையும் அவற்றில் பங்கெடுக்கிறது. பாடச் சொல்லுங்கள், கூடப் பாடுங்கள், அது அவருக்குச் சந்தோஷம். “பாடத் தெரியுது, பேரைச் சொல்ல ஏலாதோ?” என்று மட்டும் கேட்க வேண்டாம்.

கனடாவிலிருந்து பிள்ளைகள் எடுக்கிற கோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளக்கம் பாதிக்கப்பட்டவருக்குக் குரல் மட்டும் வரும் தொலைபேசி எல்லாவற்றிலும் கடினம். உதடு இல்லை, கை இல்லை, முகம் இல்லை. வீடியோவில் எடுங்கள், ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள், ஒரு வசனம் சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டிக்கொண்டு அவன் பெயரைச் சொன்னால், சொல்லும் பொருளும் ஒன்றாகப் போய்ச் சேரும். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதன் பிறகும் வருடக் கணக்கில் மெதுவாகத் தொடரலாம். ஆகவே ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி வராது என்று கிளினிக்கை நிறுத்திவிட வேண்டாம்.