தாயில்லாச் செம்மறிக் குட்டிக்குப் பாட்டில் பால்: முதல் வாரம்

குட்டி கைக்கு வந்ததும் பாட்டிலைத் தேடாதீர்கள், முதலில் அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்தால் உடம்பு குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 39 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். 37-க்குக் கீழே இருந்தால் பால் தராமல் துடைத்துச் சூடேற்றுங்கள். பிறந்து சில மணி நேரம் ஆகி, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தால் சூடேற்றும் முன்பே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், குளுக்கோஸ் ஊசி தேவைப்படலாம்.

அடுத்தது சீம்பால். பிறந்து 2 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நல்லது, 6 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். அப்போது ஈன்ற வேறொரு ஆட்டிடம் கறந்துகொள்ளலாம். எடைக்கு ஒரு கிலோவுக்கு ஒரு தடவை 50 மில்லி என்பது கணக்கு, அதனால் 3 கிலோ குட்டிக்கு 150 மில்லி. முதல் 24 மணி நேரத்தில் இப்படி நான்கு தடவை.

அப்புறம்தான் பால் பவுடர். குட்டிகளுக்கென்றே வருவதை வாங்குங்கள், செம்மறிப் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் கன்றுக்குட்டிப் பவுடர் அதற்கு ஈடாகாது. லேபிளில் ஒரு லிட்டர் பாலுக்கு 200 கிராம் என்று இருந்தால், பாதி வெந்நீரில் பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, மீதித் தண்ணீரை ஊற்றி மொத்தம் ஒரு லிட்டர் ஆக்குங்கள். ஸ்பூன் கணக்கு வேண்டாம், எடை போடுங்கள். நம் 3 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு சுமார் 500 மில்லி, அதை நான்கைந்து வேளையாகப் பிரித்து, உடம்புச் சூட்டில் கொடுக்கலாம்.

கொடுக்கும்போது குட்டி நிற்கட்டும், மடியில் முட்டிக் குடிக்கும்போது இருப்பதுபோல் தலை லேசாக மேலே இருந்தால் போதும். மல்லாக்கப் படுக்க வைத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். நிப்பிள் ஓட்டையைப் பெரிதாக்கினாலும் அதே ஆபத்துதான். இருமினால் உடனே நிறுத்துங்கள். குடித்து முடித்ததும் விலாப் பக்கம் தட்டையாக, நிறைந்து இருக்க வேண்டும். வெளியே பிதுங்கினால் அளவு கூடிவிட்டது. பசியோடு கத்துகிறதே என்று ஒரே வேளையில் நிறைய ஊற்றுவதுதான் வயிறு உப்பிக் குட்டி சாக முக்கியக் காரணம்.

வேறு தாயோடு சேர்த்துவிட முடிந்தால் பாட்டிலைவிட அதுவே மேல். ஆடு தன் குட்டியை வாசனையால் அடையாளம் காண்கிறது, ஈன்ற முதல் சில மணி நேரத்தில்தான் அந்த வாசனை அதன் மனதில் பதிகிறது. அதனால் ஒற்றைக் குட்டி ஈனும் ஆடு கிடைத்தால், பனிக்குட நீரைப் பிடித்து உங்கள் குட்டியின் தலை, முதுகு, முக்கியமாக வால் பக்கம் நன்றாகத் தேய்த்து, தாயின் மூக்கருகே முதலில் அதை வையுங்கள், சொந்தக் குட்டியைக் கொஞ்சம் கழித்து விடுங்கள். ஓரிரு நாள் வயதான குட்டி எழுந்து ஓடினால் புதுசு இல்லை என்று தாய்க்குத் தெரிந்துவிடும், அதனால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கால்களைத் தளர்வாகக் கட்டிக் கிடத்தலாம். அதற்கு முன் வயிறு முட்டப் பாட்டில் பால் கொடுக்காதீர்கள், பசி இல்லாவிட்டால் மடியைத் தேடாது.

தாய் நக்கிக்கொடுத்து, வாலடியை முகர்ந்துவிட்டுக் குடிக்க விட்டால் சேர்ந்துவிட்டது. முட்டித் தள்ளினால் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள், விலா எலும்பு உடையும். மூன்று நாள் தாயின் தலையைக் கட்டிப்போட்டுக் குடிக்க விட்டும் ஏற்கவில்லையா, சரி, பாட்டிலுக்கே திரும்பிவிடுங்கள்.