ஊர் திரும்பும் முன் ஒரு டாலர் டெபாசிட்

துபாயிலிருந்து ஓரிரு வருடத்தில் ஊர் திரும்புவதாக இருந்தால், சேமிப்பு முழுவதையும் ரூபாயாக்கி, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கில் போடாமல், ஒரு பகுதியைக் கிளம்பும் முன்பே எஃப்.சி.என்.ஆர். டாலர் டெபாசிட்டில் ஐந்து வருடத்துக்குப் போட்டுவிடுங்கள். ஊருக்கு வந்ததும் என்.ஆர்.இ. கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்ற வேண்டும், அல்லது ஊர் திரும்பியவர்கள் வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ளும் ஆர்.எஃப்.சி. கணக்குக்கு அந்தப் பணத்தை மாற்ற வேண்டும், ஆனால் இந்த டெபாசிட்டை அதே வட்டியில் முதிர்வு வரை விட்டுவைக்கலாம், அப்புறம் ஆர்.எஃப்.சி. கணக்குக்கு மாற்றினால் டாலராகவே இருக்கும். திர்ஹாம், ஒரு டாலருக்கு 3.6725 என்று டாலரோடு கட்டப்பட்ட காசு, அதனால் டாலராக மாற்றுவதில் பெரிய இழப்பில்லை. 2014-ல் சுமார் 6.1 லட்சமாக இருந்த 10,000 டாலர், 2024 கடைசியில் வட்டி சேர்க்காமலே 8.5 லட்சம்.

சீக்கிரமே வீடு கட்ட, கடன் அடைக்கப் பணம் வேண்டுமென்றால் இது சரிவராது: ஒரு வருடத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது.