பையின் இலக்கங்களை எழுமாற்று எண்ணாக எடுப்பவர்கள் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் புரோகிராமிங்கும் புள்ளிவிபரவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். வருடா வருடம் யாராவது ஒரு மாணவர் பையின் இலக்கங்களை எழுமாற்று எண்களாக எடுத்து ஒரு புரொஜெக்ட் செய்துகொண்டு வருவார். யோசனை மோசமானதல்ல. 3.14159 என்று தொடங்கும் அந்த வரிசை முடிவதும் இல்லை, சுழற்சியாகத் திரும்பி வருவதும் இல்லை. பார்வைக்கு யாரோ குருட்டாம்போக்கில் எழுதிப்போட்டது போலவே இருக்கும். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். இலக்கத்தைப் பிரதி பண்ணும்போது ஒன்றை விட்டுவிடுவது போன்ற சின்னப் பிழைகளை இங்கே சொல்லப்போவதில்லை.

## 22/7ஐ எடுப்பது

142857 திரும்பத் திரும்ப வரும். அவ்வளவுதான்.

## math.pi போதும் என்று நினைப்பது

பைத்தனில் `math.pi` என்பது பை அல்ல. 64 பிட்டுக்குள் அடங்கும் எண்களில் பைக்கு மிகக் கிட்டியது. 15 தசம இடங்கள் வரை சரியாக வரும், அதற்கப்பால் இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன:

```
3.141592653589793238462643   # பை
3.141592653589793115997963   # math.pi
```

கீழே உள்ளது 48ஆவது தசம இடத்தோடு முடிந்தும் விடும். பிறகு எவ்வளவு அச்சிட்டாலும் பூச்சியம்தான். நூறு இலக்கம் எடுத்து "பூச்சியம் அதிகமாக வருகிறதே, இது பெரிய கண்டுபிடிப்பு" என்று ஓடி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

## "எல்லா இலக்கமும் சமமாக வருகிறது, ஆகவே யாராலும் ஊகிக்க முடியாது"

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இந்த ஒன்றுக்குத்தான்.

புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடை தீபாவளிக்கு விலைக்கழிவுக் கூப்பன் கொடுத்தது. ஒவ்வொரு பில்லின் அடியிலும் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று அச்சாகும். அடுத்த முறை வரும்போது அதைச் சொன்னால் கழிவு கிடைக்கும். ஒரு குறியீடு ஒரு தடவைக்குத்தான் செல்லும். புரோகிராம் எழுதிக்கொடுத்த தம்பி, பையின் இலக்கங்களை ஆறு ஆறாக வெட்டி ஒவ்வொரு பில்லுக்கும் வரிசையாகக் கொடுத்திருந்தார். முதலாவது இலக்கத்திலிருந்து தொடங்கும் அளவுக்கு அவர் அப்பாவியல்ல. தனக்கு மட்டும் தெரிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்கினார்.

என்னிடம் வந்த ஒரு ஏ.எல். மாணவர் அந்த வருடம் பை புரொஜெக்ட்டில் மூழ்கிக் கிடந்தார். அவருடைய அம்மாவும் சித்தியும் ஒருவர் பின் ஒருவராகக் காசு கட்டி, அடுத்தடுத்த இரண்டு பில்களோடு வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். விளையாட்டுக்கு அந்தப் பன்னிரண்டு இலக்கங்களையும் தன்னிடமிருந்த கோப்பில் தேடியிருக்கிறார். இருந்தது.

எப்படிப் பிடிபடுகிறது என்பதை நீங்களே செய்து பார்க்கலாம். உண்மையான கூப்பன்களுக்குப் பதிலாக, பையின் தொடக்கத்திலேயே வரும் இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்கிறேன்: 502884, 197169. `pi.txt` என்பது பையின் முதல் 10 இலட்சம் தசம இலக்கங்கள் இடைவெளியில்லாமல் உள்ள கோப்பு.

```python
d = open("pi.txt").read()[2:]      # "3." ஐ விட்டு
p = d.find("502884" + "197169")
print(p, d[p+12:p+18])             # 30 399375
```

அடுத்த வாடிக்கையாளரின் பில்லில் 399375 இருக்கும். அதற்கடுத்தவருக்கு 105820. இப்படியே கடை மூடும் வரைக்கும் சொல்லிக்கொண்டு போகலாம்.

இதில் அதிர்ஷ்டம் எதுவும் இல்லை. ஆறு இலக்கத்தில் 10 இலட்சம் குறியீடுகள்தான் சாத்தியம். ஆகவே 10 இலட்சம் இலக்கமுள்ள கோப்பில் ஒரு குறிப்பிட்ட குறியீடு சராசரியாக ஒரு தடவை தற்செயலாகவே வந்துவிடும். ஒரு பில்லை மட்டும் வைத்துக்கொண்டு இதுதான் இடம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்தடுத்த இரண்டு இருந்தால் தேடுவது பன்னிரண்டு இலக்கம். அது தற்செயலாக அகப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 10 இலட்சத்தில் ஒன்று. அகப்பட்டால் அதுதான் இடம்.

கடைக்கு நான் தகவல் சொல்வதற்கு முன்னமே வேறு யாரோ இதைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள். கூப்பனோடு வந்தவர்களிடம் கவுண்டரில் "இது ஏற்கெனவே பாவிச்சாச்சு" என்று சொல்லப்பட்டது, சண்டை நடந்தது, கடைசியில் முதலாளி இரண்டு பக்கத்துக்கும் கழிவு கொடுத்துத்தான் சமாளித்தார். அந்தத் தம்பியிடம் பிறகு கேட்டேன். "சேர், பத்து லட்சம் இலக்கத்தையும் எண்ணிப் பாத்திட்டுத்தான் போட்டனான். எல்லாம் சமமா வருது. பிறகென்ன?" என்றார்.

அவர் எண்ணியது சரிதான். பையின் முதல் 10 இலட்சம் தசம இலக்கங்களில் ஒவ்வொன்றும் 1,00,000 தடவை வரும் என்று எதிர்பார்ப்போம். மிக அதிகமாக வருவது 5, அது 1,00,359 தடவை. மிகக் குறைவாக வருவது 6, அது 99,548 தடவை. எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் வந்த எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கும் கை-வர்க்கச் சோதனை போட்டால் 5.51 வருகிறது. 16.92ஐத் தாண்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் இந்தச் சோதனை கேட்கும் கேள்வி, இலக்கங்கள் சரியான விகிதத்தில் கலந்திருக்கின்றனவா என்பது. அடுத்து என்ன வரும் என்று இன்னொருவருக்குத் தெரியுமா என்பதை அது கேட்பதேயில்லை. பையின் இலக்கங்கள் உலகத்துக்கே தெரியும்.

"தொடங்கும் இடம் இரகசியம்தானே" என்பார்கள். 10 இலட்சம் தொடக்க இடங்களில் ஒன்று என்றால் அந்த இரகசியம் ஆறு இலக்கக் கடவுச்சொல் ஒன்றின் அளவுதான். "ஏழு ஏழாகத் தாவி எடுக்கிறேன்", "பின்னாலிருந்து முன்னுக்கு எடுக்கிறேன்" என்றும் வருவார்கள். நூறு விதமாகத் தாவினாலும் மொத்தம் 10 கோடி வாய்ப்புகள். ஒரு சாதாரண லப்டொப் அதைத் தேநீர் ஆறுவதற்குள் பார்த்து முடித்துவிடும்.

இந்த மாதிரி வேலைக்கு பைத்தனின் `secrets` இருக்கிறது. வன்பொருளில் எழும் இரைச்சலைச் சேர்த்து இயங்குதளம் உருவாக்கும் எண்களை அது எடுத்துத் தரும். `secrets.token_hex(8)` என்று ஒரே ஒரு வரி. ஆறு இலக்கம் எப்படியும் போதாது. நல்ல எழுமாற்று எண்களாக இருந்தாலும் 1,200 கூப்பன் அளவில் இரண்டு ஒன்றாகிவிடும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

## "பை இயல்பெண் என்று நிரூபித்துவிட்டார்கள்"

இல்லை. ஒருவரும் இன்னும் நிரூபிக்கவில்லை.

ஓர் எண் பத்தை அடியாகக் கொண்ட முறையில் இயல்பெண் என்றால் அதன் இலக்கங்களில் நீண்ட ஓட்டத்தில் ஒவ்வொரு இலக்கமும் பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். 00 முதல் 99 வரையான ஒவ்வொரு சோடியும் நூற்றில் ஒரு பங்கு, ஒவ்வொரு மூவிலக்கத் துண்டும் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எவ்வளவு நீளமான துண்டுக்கும் இது பொருந்த வேண்டும். பெரும்பாலான மெய்யெண்கள் இப்படிப்பட்டவைதான் என்று எமில் பொரெல் 1909இல் காட்டினார். எழுமாறாக ஒரு மெய்யெண்ணை எடுத்தால் அது இயல்பெண்ணாக இருக்கும் நிகழ்தகவு 1. ஆனால் கையிலுள்ள ஒரு குறிப்பிட்ட எண் அந்தக் கூட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடையாது. பை விகிதமுறா எண் என்பதால் குறைந்தது இரண்டு இலக்கங்களாவது அதில் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். 7 அவற்றில் ஒன்றா என்பதுகூட நிரூபணமாகவில்லை. "உங்கள் பிறந்த திகதி, போன் நம்பர், எல்லாமே பைக்குள் இருக்கிறது" என்று சுற்றிவரும் செய்தி உண்மையாக இருக்கலாம், ஆனால் யாரும் நிறுவியது கிடையாது.

நிரூபணம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் புடவைக்கடைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. இதைக் காட்ட நான் வகுப்பில் எழுதுவது டேவிட் சாம்பர்நோன் 1933இல் தந்த எண்ணை:

```
0.123456789101112131415161718...
```

எண்களை வரிசையாக ஒட்டிவைத்ததுதான். இது பத்தை அடியாகக் கொண்ட முறையில் இயல்பெண் என்று முறையாக நிறுவப்பட்டிருக்கிறது. ஆனால் அடுத்து என்ன வரும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அதாவது இயல்பெண்ணாக இருப்பதும் ஊகிக்க முடியாமல் இருப்பதும் ஒன்றல்ல.

இன்னொன்றையும் இதே எண் காட்டிக்கொடுக்கிறது. 199 வரை எழுதி நிறுத்துங்கள். மொத்தம் 489 இலக்கங்கள், அவற்றில் 140 இடத்தில் 1. பத்து வீதத்துக்குப் பதிலாக 28.6 வீதம். 9999 வரை போனால் 38,889 இலக்கங்கள் இருக்கும், அவற்றில் பூச்சியம் 2,889 மட்டுமே, 7.4 வீதம். கடைசியில் எல்லாம் பத்து வீதத்துக்கு வந்து சேரும் என்பது உண்மைதான். எப்போது வந்து சேரும் என்று அந்த வரைவிலக்கணம் வாக்குக் கொடுக்கவில்லை. ஆகவே நீங்கள் எடுக்கும் முதல் ஆயிரம் இலக்கம் ஒழுங்காக இருக்குமா என்பதை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பையின் முதல் ஆயிரம் தசம இலக்கங்களை எண்ணினால் 1 மட்டும் கொஞ்சம் கூட, 116 தடவை. சோதனை மதிப்பு 4.74, பயப்பட ஒன்றுமில்லை.

நிரூபணமே இல்லாத பை நன்றாக நடந்துகொள்கிறது, நிரூபணமுள்ளது மோசமாக நடந்துகொள்கிறது. இந்தக் கட்டத்தில் வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் சிரிப்பார்.

## ஒவ்வொரு ஓட்டத்தையும் 14159இலிருந்து தொடங்குவது

ஓர் உருவகப்படுத்தலை ஐம்பது தடவை ஓட்டினாலும் அது ஒரே ஓட்டம்தான். விட்ட இடத்தைக் குறித்துவைத்து அங்கிருந்து தொடருங்கள்.

## சரி, எதற்கு எடுக்கலாம்?

இரகசியம் தேவையில்லாத உருவகப்படுத்தலுக்கு எடுக்கலாம். பஸ் நிறுத்தத்தில் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று கணக்குப் பார்ப்பவருக்கு இலக்கங்கள் கலந்திருந்தால் போதும். இன்னொருவர் அதே இலக்கங்களை வைத்துச் சரிபார்க்கலாம் என்பது அங்கே வசதியும்கூட. 1949இலேயே எனியாக் கணினியில் பையை 2,037 இலக்கம் வரை கணித்தார்கள். இலக்கங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்க்கும் ஆவல் கணிதவியலாளர் வொன் நொய்மனுக்கு இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

குறியாக்கத்திலும் பைக்கு ஓர் இடம் உண்டு, ஆனால் நேர்மாறான காரணத்துக்காக. 1993இல் புரூஸ் ஷ்னையர் வடிவமைத்த புளோஃபிஷ் குறியாக்கத்தின் தொடக்க அட்டவணைகளில் இருப்பவை பையைப் பதினாறை அடியாகக் கொண்ட முறையில் எழுதும்போது வரும் இலக்கங்கள். முதலாவது `243F6A88`. அவற்றை யாரும் மறைக்கவில்லை. வடிவமைத்தவர் தனக்கு வசதியான எண்களைப் பொறுக்கிப்போட்டு இரகசிய வாசல் ஏதும் வைக்கவில்லை என்று யாரும் எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே பை. இரகசியம் முழுவதும் அதைப் பயன்படுத்துபவர் கொடுக்கும் சாவியில் இருக்கிறது, அந்தச் சாவியைப் பையிலிருந்து எடுக்கக்கூடாது.