பத்திரிகை வைத்தும் பதில் இல்லையா? வெளியூர் விருந்தினரிடம் நெருடாமல் கேட்பது எப்படி

நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் "வருகிறீர்களா, எத்தனை பேர்?" என்று கேட்கும் வழக்கம் இல்லை. பத்திரிகையை வாங்கிக்கொண்டு "கண்டிப்பா வந்துடறோம்" என்பார்கள். வாட்ஸப்பில் வந்ததென்றால் ஒரு கும்பிடு போடுவார்கள். அதை வைத்து லாட்ஜில் எத்தனை ரூம் போடுவது, முந்தின நாள் இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை இலை சொல்வது என்று முடிவு செய்ய முடியாது. பதில் கேட்டே ஆக வேண்டும்.

ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூரில் ஞாயிறு காலை முகூர்த்தம், சனி மாலை வரவேற்பு. பெண் வீட்டார் சென்னையில் இருப்பவர்கள். வெளியூரில் 40 வீடுகளுக்கு அழைப்பு போயிருக்கிறது, 18 வீட்டிலிருந்து இன்னும் எதுவும் தெரியவில்லை.

1. யாரிடம் கேட்க வேண்டாம் என்று முதலில் பாருங்கள்

உள்ளூர்க்காரர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் கடைசி நிமிடத்தில்தான் முடிவு செய்வார்கள். பந்திக்கு எவ்வளவு சேர்த்துச் சொல்வது என்று சமையல்காரரிடம் கேட்டால், அனுபவத்தில் அவரே சொல்லிவிடுவார். கேட்க வேண்டியது ரூம், வேன், இரவுச் சாப்பாடு தேவைப்படும் வெளியூர் வீடுகளை மட்டும்தான்.

அந்த 18 வீடுகளிலும் அண்மையில் துக்கம் நடந்த வீடு இருக்கலாம். அவர்களில் பலர் அந்த வருடம் சுப காரியங்களுக்குப் போவதில்லை. அவர்களிடம் வருகையைப் பற்றிக் கேட்காமல், நலம் விசாரித்து மட்டும் பேசுங்கள்.

2. அழைப்பு முறையாகப் போய்ச் சேர்ந்ததா?

வாட்ஸப் பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பியிருந்தால், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். மற்றவர்களுக்கு வரவே வராது. தனித்தனி உரையாடலைத் திறந்து பாருங்கள். ஒற்றை டிக் மட்டும் நிற்கிறது என்றால் செய்தி அவர் போனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இரண்டு டிக் நீலமாகவில்லை என்பதை வைத்து அவர் பார்க்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த வசதியைப் பலர் அணைத்து வைத்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய காரணம் மனக்குறை. நேரில் பத்திரிகை வைத்துக் கூப்பிட வேண்டிய மாமாவுக்கு வாட்ஸப்பில் படம் மட்டும் போயிருந்தால், அவர் பதில் சொல்லாமல் இருப்பதே அவருடைய பதில். அங்கே ரூம் பற்றிக் கேட்டால் விரிசல் கூடும். முதலில் அழைப்பைச் சரி செய்ய வேண்டும். பெண்ணின் அப்பாவோ அம்மாவோ நேரில் போக வேண்டும், முடியாவிட்டால் தாங்களே போனில் கூப்பிட வேண்டும். ரூம் பேச்சு அன்றைக்கு வேண்டாம், இரண்டு நாள் கழியட்டும்.

3. எப்போது கேட்பது

வெளியூர்க்காரர் முடிவெடுப்பது பெரும்பாலும் ரயில் டிக்கெட்டை ஒட்டித்தான். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பயணம் செய்யும் நாள் அந்தக் கணக்கில் சேராது. அதனால் மூன்று மாதம் முன்பே கேட்டால் அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. முன்பதிவு திறப்பதற்குச் சில நாள் முன்பு தேதியை மட்டும் நினைவூட்டுங்கள்: "வெள்ளி ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் டிக்கெட் இந்த வாரம் திறக்குது." இதில் கேள்வியே இல்லை, உதவிதான் இருக்கிறது. அவர்களுக்கும் தேதி மனதில் பதியும்.

உண்மையான கேள்வியைக் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கேளுங்கள். லாட்ஜில் ரூமை எந்தத் தேதிவரை திருப்பிக் கொடுக்கலாம், சமையல்காரருக்கு எந்தத் தேதிக்குள் கடைசிக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று அதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிதான் உங்கள் செய்தியில் வரப்போகிறது.

4. என்ன சொல்லிக் கேட்பது

"வருவீங்களா, மாட்டீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். கூப்பிட்டவரே சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும். சுப காரியத்துக்கு "வரவில்லை" என்று வாயால் சொல்லப் பலருக்கும் மனம் வராது, அதனால் பேசாமல் இருந்துவிடுவார்கள். அவர்களுக்காக நீங்கள் செய்யப்போகும் ஏற்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். வர முடியாது என்பதைச் சொல்லவும் ஒரு வழி வைத்துவிடுங்கள்.

சித்தப்பாவுக்குப் போனில் பேசுவது நல்லது. அவரிடம் இப்படிக் கேட்கலாம்:

"சித்தப்பா, நல்லா இருக்கீங்களா? தஞ்சாவூர்ல லாட்ஜ்ல ரூம் போட்டுக்கிட்டு இருக்கோம். வெள்ளி ராத்திரி ரயில்ல வந்தீங்கன்னா சனிக்கிழமை விடியக்காலமே இறங்கிடுவீங்க, அப்பவே ரூம் வேணும். உங்களுக்கு ஒண்ணு போதுமா, ரெண்டா வச்சுக்கட்டுமா?"

இதில் வருகை என்ற பேச்சே எழவில்லை. ஆனால் அவர் சொல்லும் பதிலில் நாள், ஆள் கணக்கு, ரூம் மூன்றும் வந்துவிடும்.

அலுவலக நண்பருக்கு எழுத்தில் போதும்:

"சார், கல்யாணத்துக்கு வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு ரூம் ஏற்பாடு பண்றோம். 10-ம் தேதிக்குள்ள லாட்ஜுக்கு எண்ணிக்கை சொல்லணும். உங்களுக்கு வைக்கட்டுமா? இந்த முறை தோதுப்படலைன்னா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம், சென்னை திரும்பினதும் வீட்டுக்கு ஒருநாள் குடும்பத்தோட வாங்க."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். அது இருந்தால் வர முடியாதவர் உறுத்தலில்லாமல் சொல்லிவிடுவார். குடும்ப வாட்ஸப் குழுவில் பெயர் போட்டு யாரையும் கேட்கவே கேட்காதீர்கள். நாலு பேர் முன்னால் கணக்குக் கேட்ட மாதிரி ஆகிவிடும்.

5. பதிலைப் புரிந்துகொள்வது

"வரப் பார்க்கிறோம்", "லீவு கேட்டிருக்கேன்" போன்றவை வெளியூர்க்காரர் வாயில் பெரும்பாலும் வரமாட்டார்கள் என்றே பொருள். மறுபடி அழுத்த வேண்டாம். "சரி, டிக்கெட் கிடைச்சா ஒரு வார்த்தை சொல்லுங்க, ரூமை அப்ப பார்த்துக்கலாம்" என்று முடித்துக்கொள்ளுங்கள்.

நம் கணக்கில் 18 வீட்டில் 9 பேர் ரூம் கேட்டார்கள், 4 பேர் வரவில்லை என்றார்கள், 3 பேர் "பார்க்கிறோம்" என்றார்கள், 2 வீட்டில் பதிலே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பதிலில்லாத இரண்டு வீட்டுக்கும், லாட்ஜுக்குச் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின நாள் இன்னும் ஒரே ஒரு முறை கேட்கலாம். இந்த முறை கேட்கும் ஆளை மாற்றுங்கள். மகள் அனுப்பிய செய்திக்குப் பதில் சொல்லாத பெரியம்மா, அம்மா போன் செய்தால் எடுப்பார்.

அதற்கும் பதில் இல்லை என்றால் மூன்றாவது முறை வேண்டாம். 9 ரூமோடு இரண்டு ரூம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு, "பார்க்கிறோம்" என்றவர்களையும் பதில் சொல்லாதவர்களையும் அதற்குள் அடக்குங்கள். எல்லாருமே வந்துவிட்டால், ரூம் வேண்டும் என்று முன்பே சொன்னவர்களுக்கு முதலில் கொடுங்கள். மற்றவர்களை மண்டபத்து அறைகளில் தங்க வைக்கலாம். சனி இரவு இலைக் கணக்கிலும் இதே ஆட்களைக் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுங்கள்.

கல்யாணம் முடிந்தபின் வராதவரைப் பார்க்க நேர்ந்தால் "ரூம் எல்லாம் போட்டு வச்சிருந்தோம்" என்று சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால், முன்பு அனுப்பிய அத்தனை செய்தியும் அவருக்குக் கணக்குக் கேட்டதாகவே தோன்றும். அடுத்த விசேஷத்துக்குக் கூப்பிடும்போதும் அவர் பதில் சொல்லத் தயங்குவார்.