திருகு என்ற சொல்லைப் பின்னாலிருந்து படித்தால்

தாத்தா, திகதி, விகடகவி ஆகிய சொற்களை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் அதே சொல்தான் கிடைக்கும். இங்கே நாம் தேடப்போவது அவற்றை அல்ல. சாவி என்பதைக் கடைசி எழுத்திலிருந்து படித்தால் விசா என்று ஆகிறது; கைதி என்பது திகை என்று ஆகிறது. இப்படித் திருப்பிப் படிக்கும்போது வேறொரு சொல்லாக மாறும் சொற்களை, அகராதியை முதல் பக்கத்திலிருந்து புரட்டாமல், தாளும் பேனாவும் கொண்டு கண்டுபிடிக்கும் வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதற்படி: எழுத்துகளைக் கட்டம் கட்டிப் பிரித்தல்

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று சொல்லை எழுதுங்கள். உயிர்மெய் எழுத்து எத்தனை குறிகளைக் கொண்டிருந்தாலும் அது ஒரே எழுத்துதான். கோவை என்பதில் ‘கோ’ என்பதை எழுத இரட்டைச் சுழிக்கொம்பும் ககரமும் காலும் தேவைப்படுகின்றன. ஆயினும் அதற்கு ஒரு கட்டம்தான். ‘வை’ என்பதற்கு இன்னொரு கட்டம். இரண்டையும் இடம் மாற்றினால் வைகோ. கொம்பையும் காலையும் தனித்தனியாகத் திருப்பத் தொடங்கினால் எதுவும் மிஞ்சாது. புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கு மட்டும் தனிக் கட்டம் உண்டு. ஆகவே தத்தை என்பது மூன்று கட்டம்.

இரண்டாம் படி: திரும்பவே முடியாத சொற்களைக் கழித்தல்

வேலையில் பாதி இங்கேயே முடிந்துவிடும். திருப்பும்போது முதலெழுத்து கடைசிக்கும் கடைசியெழுத்து முதலுக்கும் போவதால், சொல்லுக்கு முதலில் எவை வரும், இறுதியில் எவை வரும் என்று இலக்கணம் வகுத்திருப்பது நமக்குச் சல்லடையாக உதவுகிறது.

தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ஆகவே மரம், கண், பால், தேர் என்று புள்ளியில் முடியும் சொற்கள் அனைத்தும் போயின. அளபெடையைத் தவிர வேறெங்கும் தனி உயிரெழுத்து சொல்லின் இறுதியில் நிற்காது. ஆகவே அணி, இலை, உறவு என்று உயிரில் தொடங்குபவையும் போயின. அடுத்து, ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசை எழுத்துகள் மொழிக்கு முதலில் வருவதில்லை என்பதால் மலை, கிளி, வீடு, மழை போன்றவற்றுக்கும் வாய்ப்பில்லை. வு என்பதும் முதலில் வராது. அதனால் கதவையும் நிலவையும் எடுத்துவிடலாம். கொடி, பெரு என்று குறில் ஒகரத்திலோ எகரத்திலோ தொடங்கும் சொற்களையும் விட்டுவிடலாம், ஏனெனில் அந்த ஒலிகளில் சொற்கள் முடிவதில்லை.

வடமொழிப் பெயர்களும் பிறமொழிச் சொற்களும் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. அதனால்தான் ராதா என்பது தாரா என்றும், மாலா என்பது லாமா என்றும் திரும்புகின்றன. அவற்றைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

மூன்றாம் படி: நடுவில் புள்ளி இருந்தால்

க், ச், த், ப் ஆகிய நான்கும் தம் வரிசை எழுத்தை மட்டுமே அடுத்து ஏற்கும். பத்து என்பதைத் திருப்பினால் ‘துத்ப’ என்று வருகிறது. த் என்பதை அடுத்துப் பகரம் வரக் கூடாது. புள்ளியின் இருபுறமும் ஒரே வரிசை எழுத்து இருந்தால்தான் சொல் பிழைக்கும். தத்தை (கிளி) என்பது தைத்த என்று திரும்புவது அதனால்தான். தந்தை என்பதைத் திருப்பினால் ‘தைந்த’ என்று வரும். ஒலியில் குற்றமில்லை, ஆனால் பொருள் இல்லை. புள்ளியுள்ள சொற்களில் பலன் மிகக் குறைவு என்பதால், தொடக்கத்தில் அவற்றை ஒதுக்கிவைப்பதே நல்லது.

நான்காம் படி: ஒரு வினையை எடுத்து அதன் வடிவங்களைத் திருப்புதல்

பெயர்ச்சொல்லைத் தேடுபவர்கள் விரைவில் சலித்துவிடுவார்கள். மூன்றெழுத்து வினை ஒன்றை எடுத்து, ஏவல் வடிவம், அகரத்தில் முடியும் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம், இகரத்தில் முடியும் இறந்தகால எச்சம் ஆகிய மூன்றையும் எழுதித் திருப்புவது எனக்கு எப்போதும் கைகொடுத்த வழி. கடைசி எழுத்து மட்டும் மாறுவதால், திருப்பும்போது முதலெழுத்து மூன்று விதமாக மாறிக் கிடைக்கும்.

திருகு என்பதையே எடுத்துக்கொள்வோம். தி, ரு, கு என்று மூன்று கட்டங்கள். நடுவிலுள்ள ‘ரு’ எப்படித் திருப்பினாலும் அசையாது. இரு ஓரங்களும் மட்டும் இடம் மாறும். திருகு என்பது குருதி ஆகிறது. திருக என்பது கருதி ஆகிறது. திருகி என்பது கிருதி, அதாவது கச்சேரியில் பாடும் கிருதி, ஆகிறது. மூன்று வடிவமும் மூன்று சொற்களாகத் திரும்பும் இன்னொரு வினை எனக்கு இன்னும் அகப்படவில்லை.

கிடைத்த விடையையே அடுத்த தேடலுக்கு விதையாக்கலாம். கருதி என்பது கருது என்னும் வினையிலிருந்து வந்தது. அதன் மற்ற வடிவங்களைத் திருப்பிப் பாருங்கள்: கருத என்பது தருக ஆகிறது, கருது என்பதோ ‘துருக’ என்று ஆகி வீணாகிறது. ‘ரு’ நடுவில் நிற்க, ஓரங்களை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் விருது என்பது துருவி என்று ஆவதும் தெரியவரும். தேங்காய் துருவி என்றும் சொல்லலாம், துருவித் துருவிக் கேட்டார் என்றும் சொல்லலாம்.

இதே முறையில் விலகு என்பதைத் திருப்பினால் குலவி. கொஞ்சிக் குலவி என்று சொல்கிறோமே, அந்தக் குலவி. விலக என்பதைத் திருப்பினால் கலவி. ஒதுங்கிப் போவதைச் சொல்லும் ஒரு வினைக்குள், பின்பக்கமாகப் பார்த்தால், இரண்டு முறையும் கூடலே ஒளிந்திருக்கிறது. விலகி மட்டும் ‘கிலவி’ என்று ஆகி ஏமாற்றுகிறது.

ஐந்தாம் படி: கிடைத்தது உண்மையிலேயே சொல்தானா என்று பார்த்தல்

காதால் மட்டும் சோதிப்பது ஆபத்து. குளவி என்பதைத் திருப்பினால் ‘விளகு’ வரும். வாய்விட்டுச் சொல்லும்போது விலகு என்று கேட்டுவிடுவதால், நானே ஒருமுறை அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் பிறகு அடித்தேன். குழவிக்கும் இதே கதிதான். ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும் வரும் சொற்களைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இன்னொரு சிக்கல், தனித்து நிற்காத சொற்கள். வசை என்பது சைவ என்று திரும்புகிறது. ஆனால் சைவ உணவு, சைவ நெறி என்று பெயரைத் தொடர்ந்துதான் அது வழங்கும். கருமி என்பது மிருக என்று ஆவதும் அப்படியே. போட்டியாக விளையாடுவதென்றால் இத்தகைய பெயரடைகளை ஏற்பதா என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் அவற்றைத் தனித் தாளில் எழுதிவைக்கிறேன். வைகோ, மாருதி என்பன போன்ற பெயர்களுக்கு மூன்றாவதாக ஒரு தாள். மாருதியைத் திருப்பினால் என்ன வரும் என்பதைக் கட்டம் கட்டி நீங்களே பாருங்கள்.