லோட் டெஸ்ட்டில் எண்ணப்படாமல் போகும் ரிக்வெஸ்ட்டுகள்: p99-ஐப் பொய்யாக்கும் தவறுகள்

60 விநாடி ஓடும் ஒரு லோட் டெஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே கனெக்ஷன், விநாடிக்கு 100 ரிக்வெஸ்ட், அதாவது 10 மில்லிவிநாடிக்கு ஒன்று. சர்வர் வழக்கமாக 2 மில்லிவிநாடியில் பதில் தந்துவிடும். நடுவில் ஒரே ஒருமுறை, கார்பேஜ் கலெக்ஷனோ டிஸ்க் தாமதமோ ஏதோ ஒரு காரணத்தால், 3 விநாடி அப்படியே உறைந்துபோகிறது. பிறகு பழையபடி ஓடுகிறது. கடைசியில் வரும் அறிக்கையில் சராசரி 2.5 மில்லிவிநாடி, p99 2 மில்லிவிநாடி, p99.9-உம் 2 மில்லிவிநாடிதான். அதிகபட்சம் மட்டும் 3000 என்று நிற்கும். அதை "ஏதோ ஒன்று தப்பிப்போனது" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

அந்த 3 விநாடியில் 300 ரிக்வெஸ்ட் போயிருக்க வேண்டும். போனது ஒன்றே ஒன்று. அதற்குப் பதில் வரும்வரை டெஸ்ட் கருவி சும்மா காத்து நின்றது. மீதி 299 அனுப்பப்படவே இல்லை, அதனால் அளக்கப்படவும் இல்லை. சர்வர் திணறும் நேரம் பார்த்து, அளப்பவரும் கூடச் சேர்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். இதற்குத்தான் ஜாவா பெர்ஃபார்மன்ஸ் வல்லுநர் கில் டெனே 'கோஆர்டினேட்டட் ஒமிஷன்' என்று பெயர் வைத்தார்.

விடுபட்டவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உறைந்த கணத்தில் வந்தவர் 3000 மில்லிவிநாடி காத்திருப்பார், அடுத்தவர் 2990, அதற்கடுத்தவர் 2980, இப்படியே 10 வரை இறங்கும். மொத்தம் 6000 ரிக்வெஸ்ட்டில் இந்த 300 என்பது 5 சதவீதம். மிக மோசமான 1 சதவீதம், அதாவது 60 ரிக்வெஸ்ட், 2400 மில்லிவிநாடிக்கு மேலேயே இருக்கிறது. ஆக உண்மையான p99 சுமார் 2.4 விநாடி, அறிக்கை சொன்னதோ 2 மில்லிவிநாடி. சராசரியும் 2.5-இலிருந்து 77 மில்லிவிநாடிக்கு ஏறிவிடுகிறது. இதுகூடக் குறைந்தபட்சக் கணக்குதான். சர்வர் விழித்ததும் தேங்கிய 300-ஐயும் தீர்க்க ஆகும் நேரத்தை நாம் சேர்க்கவில்லை.

கடிகாரத்தை எப்போது தொடங்குகிறீர்கள்?

பெரும்பாலான தவறுகளின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கையால் எழுதிய டெஸ்ட் ஸ்கிரிப்ட்டுகளில் சாதாரணமாகக் காண்பது இது:

```
start = now()
send_and_wait()
record(now() - start)
```

இது அளப்பது, ரிக்வெஸ்ட் கிளம்பிய பிறகு ஆகும் நேரத்தை மட்டும். கிளம்புவதற்கு முன் வரிசையில் நின்ற நேரம் இதில் இல்லை. பயனருக்கோ இரண்டும் ஒன்றுதான். கடிகாரம் தொடங்க வேண்டியது ரிக்வெஸ்ட் உண்மையில் கிளம்பிய கணத்தில் அல்ல, கிளம்பியிருக்க வேண்டிய கணத்தில்:

```
intended = t0 + n * interval
wait_until(intended)
send_and_wait()
record(now() - intended)
```

மாற்றம் சில வரிகள்தான். ஆனால் இதில் கருவி 3 விநாடி தாமதமாக அனுப்பினால், அந்தத் தாமதமும் பதிவாகிவிடும்.

"நம் கருவி விட்டதைப் பிடித்துவிடுமே" என்று சிலர் சொல்வதுண்டு. உறைந்த சர்வர் விழித்ததும் பாக்கி 299-ஐயும் அடுத்தடுத்து அனுப்பி, மொத்தம் 6000-ஐ எட்டிவிடும் கருவிகள் உண்டுதான். ஆனால் கடிகாரம் அனுப்பிய கணத்தில் தொடங்கினால், அந்த 299-உம் தலா 2 மில்லிவிநாடி என்றே பதிவாகும். எண்ணிக்கை சரியாக இருக்கும், நேரம் பொய்யாக இருக்கும். எண்ணிக்கை குறைந்தால் கோளாறு நிச்சயம். எண்ணிக்கை சரியாக வந்தால் கோளாறு இல்லை என்று அர்த்தமாகாது.

வேகத்தைக் குறித்துவிட்டால் போதாது

ஜேமீட்டரில் த்ரெட் எண்ணிக்கையும் கூடவே த்ரூபுட் டைமரும் வைத்துவிட்டால் விநாடிக்கு இத்தனை என்ற வேகம் உறுதி என்று நினைப்பது இன்னொரு தவறு. அந்த டைமர் த்ரெட்டுகளை இழுத்துப் பிடிக்கும், முடுக்கிவிடாது. எல்லா த்ரெட்டும் பதிலுக்காகக் காத்து நின்றால் வேகம் தானாக விழும். நாம் மேலே பார்த்த கதைதான்.

k6-இல் `constant-arrival-rate` இதற்காகவே இருக்கிறது. சர்வர் பதில் தந்தாலும் தராவிட்டாலும் புதிய ரிக்வெஸ்ட் கிளம்பும். ஆனால் கிளப்ப ஆள் வேண்டும். `maxVUs` 20 என்று வைத்தால், உறைந்த முதல் 200 மில்லிவிநாடியிலேயே இருபது பேரும் மாட்டிக்கொள்வார்கள். அதன் பிறகு கிளம்ப வேண்டியவை கைவிடப்படும், லேட்டன்சி கணக்கில் வராது. `dropped_iterations` என்ற எண்ணில் மட்டும் தெரியும். அது பூஜ்யமாக இல்லையென்றால் அந்த ஓட்டத்தின் p99-ஐ நம்பாதீர்கள். எத்தனை பேர் தேவை என்பதற்குக் கணக்கு எளிது: வேகத்தை, தாங்க வேண்டிய மிக நீண்ட தாமதத்தால் பெருக்குங்கள். விநாடிக்கு 100, தாமதம் 3 விநாடி என்றால் 300 பேர்.

பின்னால் திருத்துவதில் வரும் பிழை

ஏற்கெனவே எடுத்த அளவுகளைக் காப்பாற்ற HdrHistogram லைப்ரரியில் `recordValueWithExpectedInterval` உண்டு. 3000 பதிவானால், எதிர்பார்த்த இடைவெளி 10 என்று சொல்லியிருந்தால், 2990, 2980 என்று விடுபட்டவற்றைத் தானே நிரப்பும். இது ஊகம்தான், இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். இதில் அடிக்கடி தவறுவது இடைவெளியைக் கொடுப்பதில். விநாடிக்கு 100 என்பதை 10 கனெக்ஷன் பங்கிட்டுக்கொண்டால், ஒவ்வொன்றின் இடைவெளி 100 மில்லிவிநாடி. அங்கே 10 என்று கொடுத்தால் விடுபட்டவை பத்து மடங்காகப் பெருகி, முடிவு தேவையில்லாமல் மோசமாகத் தெரியும். கிளம்பியிருக்க வேண்டிய கணத்திலிருந்து அளந்தவற்றின் மேலும் இந்தத் திருத்தத்தைப் போடக் கூடாது. ஒரே தாமதத்தை இருமுறை எண்ணியதாகிவிடும்.

கருவியைச் சோதிக்க ஒரு வழி

எந்தக் கருவியானாலும், ஆவணம் என்ன சொன்னாலும், நீங்களே சர்வரை உறையவைத்துப் பாருங்கள். டெஸ்ட் சர்வரில் மட்டும். wrk2 என்றால், அதன் கட்டளைப் பெயரும் wrk-தான்:

```
wrk -t2 -c10 -d70s -R100 --timeout 10s --u_latency http://localhost:8080/
```

wrk2 முதல் 10 விநாடியைத் தன்னைச் சரிசெய்துகொள்ள எடுத்துக்கொள்ளும், அந்த அளவுகளைக் கணக்கில் சேர்க்காது. அளக்கப்படுவது மீதி 60 விநாடிதான். அது கடந்த பிறகு, வேறொரு டெர்மினலில்:

```
kill -STOP $PID; sleep 3; kill -CONT $PID
```

சர்வருக்குப் பல ஒர்க்கர் பிராசஸ் இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். தாய் பிராசஸை மட்டும் நிறுத்தினால் ஒர்க்கர்கள் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

என்ன வர வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். உறைந்த நேரத்திலிருந்து, அளக்கப்படும் நேரத்தின் 1 சதவீதத்தைக் கழித்தால் p99 குறைந்தபட்சம் சுமார் எவ்வளவு என்பது கிடைக்கும்: 3 − 0.6 = 2.4 விநாடி. கருவி காட்டும் p99 அதற்குக் கீழே மில்லிவிநாடிகளில் இருந்தால், அது விடுபட்டவற்றை எண்ணவில்லை. `--u_latency` கொடுத்ததால் wrk2 திருத்தாத பட்டியலையும் சேர்த்தே அச்சிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இதுவரை எந்தப் பட்டியலை நம்பிக்கொண்டிருந்தீர்கள் என்பது தெரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு: முந்தைய பதில் வந்தால்தான் அடுத்ததைக் கேட்கும் பேட்ச் வேலை போன்றவற்றில் காத்து நிற்பதுதான் உண்மையான நடத்தை. அங்கே விடுபட்ட ரிக்வெஸ்ட் என்று எதுவும் இல்லை, இந்தத் திருத்தமும் வேண்டாம். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பயனர்கள் தம் பாட்டுக்கு வந்து போகும் சேவையை அதே பேட்ச் பாணி டெஸ்ட்டால் அளந்தால்தான் எண்கள் கைவிடும்.